ஒரே பதவி, ஒரே சேவைக்காலம், மூன்று ஓய்வூதியம்: 2027 வரை நீளும் திருத்தத்தில் உங்கள் பங்கு எவ்வளவு?

வெள்ளவத்தையிலும் களுபோவிலவிலும் கொட்டாஞ்சேனையிலும் வடக்கு, கிழக்கிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தபால் ஊழியர்கள் பலர் இருக்கிறார்கள். 2025 ஜூலை மாத ஓய்வூதியம் வங்கிக்கு வந்த பிறகு அவர்களிடையே ஒரே கேள்வி சுற்றத் தொடங்கியது. "அவருக்குக் கூடியிருக்கிறது, எனக்கு ஏன் கூடவில்லை?" இருவரும் ஒரே தரத்தில், ஒரே அளவு காலம் வேலை செய்தவர்களாக இருப்பார்கள். ஒருவர் 2017இல் ஓய்வுபெற்றிருப்பார், மற்றவர் 2018இல். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த ஒரு வருடம் ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது? 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஜூலை மாதங்களிலும் யாருக்கு எவ்வளவு மாற வேண்டும்? மாறியது சரிதானா என்று வீட்டிலிருந்தே எப்படிப் பார்ப்பது? இவற்றை மாதிரிக் கணக்கு ஒன்றின் மூலம் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரச்சினை தொடங்கிய இடம்

இலங்கையில் அரச ஊழியரின் ஓய்வூதியம் அவர் கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணிக்கப்படுகிறது. ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பில் உள்ள அட்டவணைப்படி, சேவை மாதங்களுக்கும் சம்பள மட்டத்துக்கும் ஏற்ற ஒரு வீதம் உண்டு. முப்பது வருடச் சேவையை முடித்தவருக்கு அது பெரும்பாலும் 85 முதல் 90 வரையான வீதமாக இருக்கும். ஆகவே சம்பளத் திட்டம் மாறும்போது யார் எந்தத் தேதியில் ஓய்வுபெற்றார் என்பதே அவருடைய எஞ்சிய வாழ்நாள் வருமானத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

2016இல் வெளிவந்த பொது நிருவாகச் சுற்றறிக்கை 03/2016 சம்பளத் திட்டத்தை மாற்றியது. ஆரம்ப மட்ட ஊழியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 11,730 ரூபாவிலிருந்து 24,250 ரூபாவாக உயர்ந்தது. ஆனால் இந்த உயர்வு ஒரே நாளில் கொடுக்கப்படவில்லை. 2016 ஜனவரி தொடங்கி 2020 ஜனவரி வரை, ஒவ்வொரு ஜனவரி முதலாந் திகதியும் ஒரு படியாக, ஐந்து படிகளில் கொடுக்கப்பட்டது.

வேலையில் இருந்தவருக்கு இது காத்திருப்பு மட்டுமே. இந்த ஐந்து வருடத்துக்குள் அறுபது வயதை எட்டியவருக்கோ அது வேறு விதமாக முடிந்தது. ஏணியில் எந்தப் படியில் நின்றபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டாரோ, அந்தப் படியிலேயே அவருடைய ஓய்வூதியம் நின்றுவிட்டது. 2017 டிசம்பரில் ஓய்வுபெற்றவர் 2017ஆம் ஆண்டின் படியிலும், சில நாட்கள் கழித்து 2018 ஜனவரியில் ஓய்வுபெற்றவர் 2018ஆம் ஆண்டின் படியிலும் நின்றார்கள்.

இந்தக் குறையைச் சரிசெய்ய ஏற்கெனவே ஒரு முயற்சி நடந்தது. 2016இற்கு முன்னர் ஓய்வுபெற்றவர்களின் ஓய்வூதியம் 2019 ஜூலையில் திருத்தப்பட்டது. 2020இற்கு முன்னர் ஓய்வுபெற்றவர்களை 2020 ஜனவரி முதல் 2020ஆம் ஆண்டின் படிக்குக் கொண்டுவரும் தீர்மானமும் 2019இல் சுற்றறிக்கையாக வந்தது. ஆட்சி மாறியபின் அந்தத் தீர்மானம் நிறுத்தப்பட்டது. ஓய்வூதியர் சங்கங்கள் அதற்காகப் பல தடவை கொழும்பில் வீதியில் இறங்கின. பின்னர் வந்த பொருளாதார நெருக்கடியில், 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் எழுபது வீதத்தை நெருங்கியபோதும், இவர்கள் அந்தப் பழைய படிகளிலேயே நின்றார்கள்.

2025 வரவு செலவுத் திட்டம் சொன்னது

2025 பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நிதியமைச்சராகச் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், நிறுத்தப்பட்ட அந்தத் திருத்தம் மூன்று கட்டங்களாகத் திரும்பி வந்தது.

முதற் கட்டம் 2025 ஜூலையில் தொடங்கியது. இது 2018 ஜனவரி 1இற்கு முன்னர் ஓய்வுபெற்றவர்களுக்கானது. அவர்களுடைய ஓய்வூதியம் 2018ஆம் ஆண்டின் சம்பளப் படிக்கு உயரும்.

இரண்டாம் கட்டம் 2026 ஜூலைக்குரியது. 2019 ஜனவரி 1இற்கு முன்னர் ஓய்வுபெற்ற எல்லோரும் 2019ஆம் ஆண்டின் படிக்கு வருவார்கள்.

மூன்றாம் கட்டம் 2027 ஜூலைக்குரியது. 2020 ஜனவரி 1இற்கு முன்னர் ஓய்வுபெற்ற எல்லோரும் 2020ஆம் ஆண்டின் படிக்கு வருவார்கள்.

மூன்று கட்டங்களிலும் "முன்னர்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2017இல் ஓய்வுபெற்றவர் மூன்று கட்டங்களிலும் இருக்கிறார். 2018இல் ஓய்வுபெற்றவர் இரண்டாவதிலிருந்துதான் சேருகிறார். 2019இல் ஓய்வுபெற்றவருக்குக் கடைசிக் கட்டம் மட்டுமே. 2015இலோ அதற்கு முன்னரோ ஓய்வுபெற்றவரும் முதற் கட்டத்திலிருந்தே சேர்க்கப்படுகிறார்.

மூன்று பேரின் கணக்கு

கணக்கை எளிதாக்க உருண்டையான எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரே பதவி, ஒரே தரம், ஒரே சம்பளப் புள்ளி. அந்தப் புள்ளிக்குரிய அடிப்படைச் சம்பளம் 2017இல் 30,000 ரூபா, 2018இல் 34,000, 2019இல் 38,000, 2020இல் 42,000 என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஓய்வூதிய வீதம் 85. இவை மாதிரி எண்கள். உங்கள் பதவிக்குரிய உண்மையான படிகள் 03/2016 சுற்றறிக்கையின் அட்டவணையில் இருக்கின்றன. கணக்கின் முறை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதலாமவர் 2017இல் ஓய்வுபெற்றார். 30,000 ரூபாவின் 85 வீதம் 25,500 ரூபா. 2025 ஜூன் வரை அவருடைய அடிப்படை ஓய்வூதியம் இதுதான். 2025 ஜூலையில் அவர் 34,000இன் படிக்கு வருகிறார். 28,900 ரூபா. 2026 ஜூலையில் 38,000இன் படி. 32,300 ரூபா. 2027 ஜூலையில் 42,000இன் படி. 35,700 ரூபா. ஒவ்வொரு கட்டத்திலும் 3,400 ரூபா கூடி, மொத்தமாக 10,200 ரூபா உயர்கிறது.

இரண்டாமவர் 2018இல் ஓய்வுபெற்றார். அவர் தொடக்கத்திலிருந்தே 28,900 ரூபா பெறுகிறார். 2025 ஜூலையில் அவருக்கு எதுவும் மாறாது. முதற் கட்டம் மற்றவர்களைக் கொண்டுவந்து சேர்த்த அதே படியில்தான் அவர் ஏற்கெனவே நிற்கிறார். 2026 ஜூலையில் 32,300, 2027 ஜூலையில் 35,700.

மூன்றாமவர் 2019இல் ஓய்வுபெற்றார். 32,300 ரூபா பெறுகிறார். 2027 ஜூலை வரை அதே தொகைதான். அப்போது 35,700.

2027 ஜூலையில் மூவரும் ஒரே தொகைக்கு வந்து நிற்கிறார்கள். 2020 ஜனவரியில் ஓய்வுபெற்ற நான்காமவர் ஒருவர் இருந்தால், அவர் முதல் நாளிலிருந்தே அந்த 35,700 ரூபாவைப் பெற்றிருப்பார்.

ஆகவே "எனக்கு ஏன் கூடவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். நீங்கள் 2018இல் ஓய்வுபெற்றவராயின் 2025 ஜூலையில் கூடாதது தவறல்ல. 2019இல் ஓய்வுபெற்றவராயின் 2026 ஜூலையிலும் கூடாது. ஆனால் 2017 டிசம்பர் 31 அல்லது அதற்கு முன் ஓய்வுபெற்றிருந்தும் 2025 ஜூலைக்குப் பிறகு அடிப்படைத் தொகை அசையவில்லையானால், அங்கே ஏதோ தவறியிருக்கிறது.

திரும்பி வராத பணம்

இந்தத் திருத்தம் அந்தந்த ஜூலையிலிருந்து முன்னோக்கிச் செல்வது. இடையில் கழிந்த வருடங்களுக்கான நிலுவை இதில் இல்லை. அதன் பெறுமதியையும் அதே மாதிரி எண்களை வைத்துப் பார்ப்போம்.

2019இன் தீர்மானம் நிறுத்தப்படாமல் இருந்திருந்தால் முதலாமவர் 2020 ஜனவரியிலிருந்தே 35,700 ரூபா பெற்றிருப்பார். 2025 ஜூன் வரை 66 மாதங்கள், மாதம் 10,200 ரூபா வீதம் அவருக்குக் கிடைக்காமல் போனது 673,200 ரூபா. முதற் கட்டத்துக்குப் பின்னும் மாதம் 6,800 ரூபா குறைவு. பன்னிரண்டு மாதத்துக்கு 81,600. இரண்டாம் கட்டத்துக்குப் பின் மாதம் 3,400 குறைவு. பன்னிரண்டு மாதத்துக்கு 40,800. எல்லாம் சேர்ந்து 795,600 ரூபா.

இரண்டாமவருக்கு இதே முறையில் கணக்கிட்டால் 571,200 ரூபா வருகிறது. மூன்றாமவருக்கு, 90 மாதங்கள், மாதம் 3,400 வீதம் 306,000 ரூபா.

இடைக்காலத்தில் ஓய்வூதியர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2024இல் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 2,500 ரூபாவால் கூட்டப்பட்டது. அதே வருடம் செப்டம்பரிலிருந்து 3,000 ரூபா இடைக்காலக் கொடுப்பனவும் வந்தது. ஆனால் இவை கொடுப்பனவுகள். எல்லோருக்கும் ஒரே தொகை. 2017இல் ஓய்வுபெற்றவருக்கும் 2020இல் ஓய்வுபெற்றவருக்கும் இடையிலான தூரத்தை அவை ஒரு ரூபாவாலும் குறைக்கவில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அறுபதில் ஓய்வுபெற்ற முதலாமவருக்கு 2027இல் எழுபது வயது. 2016இற்கு முன் ஓய்வுபெற்றவர்கள் அதைவிட மூத்தவர்கள். கட்டங்கட்டமாகக் கொடுப்பது திறைசேரிக்கு வசதி. மூன்றாவது கட்டத்தை எல்லோரும் கண்ணால் காண்பார்கள் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அடிப்படைப் புள்ளி பிழைத்தால்

இந்தத் திருத்தத்தில் மிக எளிதில் கண்ணுக்குத் தப்பும் இடம் சம்பளப் புள்ளி. புதிய தொகை கணிக்கப்படுவது நீங்கள் ஓய்வுபெற்றபோது இருந்த தரத்தையும் சம்பளப் புள்ளியையும் வைத்துத்தான். அந்தப் புள்ளி கோப்பில் குறைவாகப் பதியப்பட்டிருந்தால், மூன்று கட்டங்களும் அந்தக் குறையைச் சுமந்துகொண்டே மேலே போகும்.

நம்மவர்களுக்கு இது வெறும் கற்பனையல்ல. வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பல தடவை இடம்பெயர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அலுவலகமே இடம்பெயர்ந்த காலத்தில் வருடாந்தச் சம்பள ஏற்றத்துக்கான படிவம் உரிய நேரத்தில் சமர்ப்பிக்கப்படாமலோ, சமர்ப்பித்தும் தனிப்பட்ட கோப்பில் சேராமலோ போயிருக்கக்கூடும். தரமுயர்வுக் கடிதம் தொலைந்திருக்கலாம். வேலையில் இருந்தபோது அது சிறு தொகையாகத் தோன்றியிருக்கும்.

எவ்வளவு சிறிது என்பதைப் பார்ப்போம். ஆரம்ப மட்ட ஊழியரின் சம்பள அளவுத்திட்டத்தில், கடைசிப் பகுதியின் வருடாந்த ஏற்றம் 2006ஆம் ஆண்டின் திட்டப்படி 160 ரூபா. இரண்டு ஏற்றங்கள் தவறியிருந்தால் 320 ரூபா. அதன் 85 வீதம் மாதம் 272 ரூபா. 2016ஆம் ஆண்டின் திட்டத்தில் அதே ஏற்றம் 330 ரூபா. இரண்டு தவறினால் 660. அதன் 85 வீதம் மாதம் 561 ரூபா. திருத்தம் முழுமையடையும்போது பழைய பிழையின் பெறுமதியும் இரு மடங்காகிவிடுகிறது. வருடத்துக்கு 6,732 ரூபா. அது வாழ்நாள் முழுவதும் தொடரும்.

வீட்டிலிருந்து சரிபார்ப்பது எப்படி?

நான்கு விடயங்களைத் தேடி எடுத்தால் போதும். ஓய்வுபெற்ற திகதி, ஓய்வுபெற்றபோது இருந்த சம்பளக் குறியீடும் தரமும், அப்போதைய சம்பளப் புள்ளி, உங்களுக்கு வழங்கப்பட்ட ஓய்வூதிய வீதம். இவை ஓய்வூதியம் வழங்கப்பட்ட கடிதத்திலும் கடைசிக் காலச் சம்பளப் பத்திரத்திலும் இருக்கும்.

பிறகு சுற்றறிக்கையின் அட்டவணையில் உங்கள் புள்ளிக்கு நேரே, அந்தக் கட்டத்துக்குரிய வருடத்தின் சம்பளத்தைப் பாருங்கள். அதை உங்கள் வீதத்தால் பெருக்குங்கள். வருகிற தொகை உங்கள் புதிய அடிப்படை ஓய்வூதியத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். அட்டவணையின் வீதம் சம்பள மட்டத்தோடு சிறிது மாறக்கூடியது. ஆகவே சிறு வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வந்தால் விசாரிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் வழக்கமாக இரண்டு இடங்களில் தடுமாற்றம் வருகிறது. ஒன்று, வங்கி மீதியைப் பார்த்து முடிவுக்கு வருவது. வங்கியில் விழுவது அடிப்படை ஓய்வூதியத்தோடு கொடுப்பனவுகளும் சேர்ந்து, கடன் தவணை போன்றவை கழிந்த தொகை. ஜூன் மாதத்தையும் ஜூலை மாதத்தையும் ஒப்பிடும்போது அடிப்படைத் தொகையை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். மற்றது, பணிக்கொடை பெற்றவருக்குரிய குறைக்கப்பட்ட ஓய்வூதியத்தை, குறைக்கப்படாத வீதத்தோடு ஒப்பிடுவது. கடிதத்தில் இரண்டு தொகைகளும் இருந்தால், உங்களுக்கு இப்போது வழங்கப்படுவது எது என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் உண்மையானதுதான் என்று தெரிந்தால், முதலில் போக வேண்டிய இடம் உங்கள் ஓய்வூதியக் கோப்பு இருக்கும் பிரதேச செயலகம். இங்கேதான் கொழும்பில் தங்கியிருப்பவர்கள் அலைய நேர்கிறது. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. களுபோவில தெஹிவளைப் பிரதேச செயலகத்துக்குரியது. வீட்டு முகவரி இங்கே இருந்தாலும், கோப்பை மாற்றாதவர்களின் கோப்பு இன்னும் யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோதான் இருக்கும். ஆகவே கோப்பு எங்கே இருக்கிறது என்பதை முதலில் கேட்டறிவது ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 என்ற தொலைபேசி இலக்கத்திலும் விசாரிக்கலாம்.

பிழை சம்பளப் புள்ளியிலேயே இருந்தால் பிரதேச செயலகத்தால் மட்டும் அதைத் திருத்த முடியாது. கடைசியாக வேலை செய்த திணைக்களமோ வலயக் கல்வி அலுவலகமோதான் புள்ளியை உறுதிப்படுத்த வேண்டும். எனவே கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். கையில் உள்ள பழைய சம்பளப் பத்திரம், தரமுயர்வுக் கடிதம், ஏற்ற அறிவித்தல் எதுவாயினும் அதன் பிரதியை இணையுங்கள். மூலப் பத்திரத்தைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம். கோரிக்கை பெற்றுக்கொள்ளப்பட்டதற்கான திகதி முத்திரையை உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2027இல் ஒரு கதவு மூடும்போது

மூன்றாம் கட்டத்தோடு 2016 முதல் 2020 வரையான இடைவெளி அடைபடும். ஆனால் அதே 2025 வரவு செலவுத் திட்டம் இன்னொரு சம்பளத் திட்டத்தையும் கொண்டுவந்தது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்கிறது. ஆகக் குறைந்த வருடாந்த ஏற்றம் 250இலிருந்து 450 ரூபாவாகிறது. இதுவும் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று படிகளாகவே கொடுக்கப்படுகிறது.

யாரும் தொடக்கச் சம்பளத்தில் ஓய்வுபெறுவதில்லை. என்றாலும் அளந்து பார்க்க அது ஒரு கோலாக உதவும். 24,250 ரூபாவின் 85 வீதம் 20,612 ரூபா 50 சதம். 40,000 ரூபாவின் 85 வீதம் 34,000 ரூபா. இந்த 15,750 ரூபா உயர்வுக்குள், ஊழியர்கள் ஏற்கெனவே பெற்றுவந்த 7,500 ரூபாக் கொடுப்பனவுகள் அடங்கிவிட்டன. சம்பளத்தில் உண்மையில் கூடியது 8,250 ரூபாதான். ஆனால் ஓய்வூதியக் கணக்கில் இது வேறு விதமாக வேலை செய்கிறது. கொடுப்பனவாக இருந்தபோது கணக்கில் சேராத பணம், அடிப்படைச் சம்பளமாக மாறியதும் ஓய்வூதியத்துக்குள் வந்துவிடுகிறது.

ஆகவே 2027 ஜூலையில் முதலாமவரும் இரண்டாமவரும் மூன்றாமவரும் வந்து சேரும் படி, அந்த வருடத்தில் ஓய்வுபெறும் ஒருவர் நிற்கும் படியல்ல. அவர்கள் 2020இன் படிக்கு வந்து சேரும்போது, வேலையில் இருப்பவர்கள் அதிலிருந்து இறங்கி வேறொரு ஏணியில் ஏறியிருப்பார்கள். 2020 தொடக்கம் 2024 வரை ஓய்வுபெற்றவர்களும், இந்த மூன்று கட்டங்களில் எதிலும் இல்லாமல், பழைய ஏணியின் உச்சியிலேயே நிற்பார்கள்.

சம்பளத்தைப் படிகளாகக் கூட்டுகிற ஒவ்வொரு தடவையும் இந்த இடைவெளி பிறக்கிறது. 2016இல் பிறந்ததை மூட 2027 வரை செல்கிறது. 2025இல் பிறந்ததை எப்போது, எந்தக் கணக்கில் மூடப்போகிறார்கள் என்பதே ஓய்வூதியர் சங்கங்கள் இப்போதே அரசாங்கத்திடம் எழுத்தில் கேட்டு வைக்க வேண்டிய கேள்வி. அதுவரை ஒவ்வொருவரும் தன் ஓய்வூதியக் கடிதத்தை எடுத்து, தன் புள்ளியும் வீதமும் சரியா என்று பார்த்து வைப்பது நல்லது. அடுத்து எந்தத் திருத்தம் வந்தாலும் அதுவும் அந்தப் புள்ளியிலிருந்துதான் கணிக்கப்படும்.